பணம் தராமல் போய்விடுவாரோ என்ற பயமா? எல்சியை இப்படிப் படியுங்கள்

முன்பின் பார்த்திராத ஒருவர் வேறொரு கண்டத்திலிருந்து 1,000 தண்ணீர் பம்புகள் கேட்கிறார். ஒன்று 40 டாலர், மொத்தம் 40,000 டாலர். முன்பணம் தர அவர் தயாராக இல்லை. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க உங்களுக்கு மனம் வரவில்லை. இந்த இழுபறிக்குத்தான் லெட்டர் ஆஃப் கிரெடிட், சுருக்கமாக எல்சி.

“கேட்ட ஆவணங்களைக் கேட்டபடி கொடுத்தால் நான் பணம் தருகிறேன்” என்று வாங்குபவரின் வங்கி உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு இது. வங்கி பம்பைப் பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். பெரும்பாலான எல்சிகள் யுசிபி 600 என்ற சர்வதேச விதிகளின்படி நடக்கின்றன. அதன்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் எல்சியை ரத்து செய்யவோ மாற்றவோ முடியாது.

படி 1: பேச்சிலேயே முடிவு செய்யுங்கள்

விற்பனைக்கு முன் விலையும் நிபந்தனையும் எழுதி அனுப்பும் ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எல்சி வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆவணம் கொடுத்ததும் பணமா, 90 நாள் தவணையா என்பதும் அதில் இருக்கட்டும். வாங்குபவரின் வங்கி மீதோ அந்த நாட்டின் நிலைமை மீதோ நம்பிக்கை இல்லையென்றால், ‘கன்ஃபர்ம்’ செய்த எல்சி கேளுங்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்த இன்னொரு வங்கியும் பணத்துக்குப் பொறுப்பேற்கும். கட்டணம் கூடும்தான், ஆனால் பயம் வாங்குபவரை விட அவருடைய வங்கி மீது என்றால் இதற்குச் செலவழிப்பது தப்பில்லை.

படி 2: எல்சி வரும் வழியைப் பாருங்கள்

வாங்குபவர் தன் வங்கியில் விண்ணப்பிப்பார். அந்த வங்கி, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக MT700 என்ற செய்தியாக உங்கள் வங்கிக்கு அனுப்பும். வாங்குபவரே மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃபை நம்பி உற்பத்தியைத் தொடங்க வேண்டாம். வந்த எல்சி உண்மைதான் என்று உங்கள் வங்கி சரிபார்த்துச் சொல்லட்டும்.

படி 3: சரக்கைத் தொடும் முன் படியுங்கள்

பாதி வேலை இங்கேதான். நம் பம்பு எல்சியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள், முன்னால் இருப்பவை MT700 செய்தியின் பகுதி எண்கள்:

```
44C  கடைசி ஏற்றுமதி நாள்: ஜூன் 30
48   ஆவணம் தர: ஏற்றியதிலிருந்து 21 நாள்
31D  எல்சி முடிவு: ஜூலை 10, வாங்குபவரின் நாட்டில்
```

ஜூன் 25 அன்று கப்பலில் ஏற்றினால், 21 நாள் கணக்கில் ஜூலை 16 வரை நேரம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எல்சியே ஜூலை 10-இல் முடிந்துவிடுகிறது. இரண்டில் முந்தியதுதான் செல்லும். அப்புறம் அந்த ‘வாங்குபவரின் நாட்டில்’ என்பதைக் கவனியுங்கள். ஜூலை 10-க்குள் ஆவணங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும், கூரியர் தாமதமானால் நஷ்டம் உங்களுக்கு. முடிவிடத்தை உங்கள் நாட்டுக்கு மாற்றி, தேதியையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

46A பகுதியில் ஆவணப் பட்டியல் இருக்கும். ‘வாங்குபவர் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்றிதழ்’ என்று ஒன்று இருந்தால் உஷாராகுங்கள். அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால், சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களால் ஆவணத்தை முழுமையாகக் கொடுக்க முடியாது. எதற்குப் பயந்து எல்சி கேட்டீர்களோ, அதே இடத்துக்கே அது உங்களைத் திரும்பக் கொண்டுபோய்விடும். நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் யாரையும் சாராத பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழாக மாற்றச் சொல்லுங்கள். திருத்தம் வங்கி வழியாக வந்த பிறகு உற்பத்தியைத் தொடங்கினால் போதும்.

படி 4: ஏற்றுங்கள், ஆவணங்களைச் சேருங்கள்

இன்வாய்ஸில் பொருள் விவரம் எல்சியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அங்கே “வாட்டர் பம்ப் மாடல் கே2” என்றிருக்க, நீங்கள் “கே-2 புது மாடல்” என்று சொந்தமாக எழுதினால் வம்புதான். சரக்கை ஏற்றியதும் கப்பல் நிறுவனம் தரும், சரக்கை எடுக்க வழக்கமாகக் காட்ட வேண்டிய பில் ஆஃப் லேடிங், அதாவது பி.எல், எல்சி சொன்ன வங்கியின் ஆணைப்படி ஒப்படைக்கும் வகையில் இருப்பது நல்லது. நேராக வாங்குபவர் பெயருக்கே எடுத்தால், சில இடங்களில் அசல் பி.எல் இல்லாமலே அவர் சரக்கை எடுத்துவிடக்கூடும்.

படி 5: வங்கியில் கொடுங்கள்

கொடுத்த நாளுக்கு அடுத்து அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்களுக்குள் வங்கி ஆவணங்களைச் சரிபார்த்துவிட வேண்டும். சரியாக இருந்தால் பணம் அல்லது தவணைத் தேதிக்கான வாக்கு. குறை இருந்தால் வங்கி என்னென்ன குறை என்று ஒரே நோட்டீஸில் சொல்லும்.

நேரம் மிச்சமிருந்தால் திருத்தி மறுபடி கொடுக்கலாம், ஆகவே கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். நேரம் தாண்டிவிட்டால், குறையை வாங்குபவர் ஏற்றுக்கொண்டு அவருடைய வங்கியும் சம்மதித்தால்தான் பணம். சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் அப்போது தள்ளுபடி கேட்பார். வங்கியின் ஆணைப்படி எடுத்த பி.எல் இன்னும் வங்கியிடம் இருந்தால், சரக்கு எளிதில் கைமாறாது. ஆவணங்களைத் திரும்பப் பெற்று வேறு ஆளுக்கு விற்கவோ திரும்பக் கொண்டுவரவோ வழி இருக்கும். ஆனால் துறைமுகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் சீக்கிரம் முடிவெடுங்கள்.