ஒற்றைப் பொருள் ஆர்டர்களுக்குத் தனி வேவ்

குடோனில் ஒரே ஒரு பொருள் உள்ள ஆர்டர்களை மற்றவற்றோடு கலக்காமல் தனி வேவாக, அதாவது ஒரே சுற்றில் எடுத்து முடிக்கும் தொகுதியாக விடுங்கள். பிக் லிஸ்ட்டை ஆர்டர் வாரியாக இல்லாமல், ரேக் வரிசையில் பொருள் வாரியாக எடுங்கள். கப்பலூர்ப் பக்கம் சுங்குடிச் சேலை அனுப்பும் ஒரு குடோனில் 120 ஆர்டர், அதில் 70 ஒற்றைச் சேலை என்று வைத்துக்கொள்வோம். பச்சைச் சுங்குடி 14 பேருக்கு என்றால், அந்த ரேக்குக்கு ஒரே நடையில் 14-ஐயும் எடுத்துவிடலாம்.

பெரிய மிச்சம் பேக்கிங் மேசையில்தான். எந்தச் சேலை எந்த ஆர்டருக்கு என்று பிரிக்கும் வேலையே இல்லை. சேலையின் பார்கோடை ஸ்கேன் செய்ததும், அதற்காகக் காத்திருக்கும் ஆர்டர்களில் பழையதன் லேபிள் அச்சாக வேண்டும். ஒட்டியபின் லேபிளை ஸ்கேன் செய்தால் பேக்கிங் உறுதியாகிவிடும். லேபிள்களை முன்கூட்டியே மொத்தமாக அச்சடிக்காதீர்கள், ஒருவர் முகவரி இன்னொருவர் சேலையில் ஒட்டப்படுவது அங்கேதான். வேவ் முடிவில் சேலை மிஞ்சினால் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், அல்லது இடையில் ஆர்டர் ரத்தாகியிருக்கிறது. ஆர்டர் மிஞ்சினால் எடுத்தது குறைவு, அல்லது ஸ்டாக் கணக்கு தப்பு.

இந்த வேவுக்கான ஆர்டர்களை வடிகட்டும்போது ‘ஒரு வரி’ என்று வைக்காமல் ‘மொத்த எண்ணிக்கை 1’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே சேலையில் இரண்டு கேட்டவருக்கு ஒன்றுதான் போகும்.

ஒவ்வொரு சேலைக்கும் தனிப் படம் போட்டு விற்றால், ஒரே ரேக்கில் பலருக்கும் சேர்த்து எடுக்கும் மிச்சம் கிடைக்காது. அங்கே ஒரே மாதிரியில் இரண்டாவது கிடையாது.