லீஃப் பட்டரியைத் திறந்த பழக்கத்தில் பிளேட் பட்டரியைத் திறக்கலாமா?

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஹைபிரிட் வாகனம் பார்க்கும் கராஜ்களுக்கு மொடியூல் மாற்றுவது பழகிப்போன வேலை. டொயோட்டா அக்குவாவின் பட்டரிக்குள் 20 மொடியூல்கள் இருக்கின்றன. கெட்டதைக் கண்டுபிடித்து, போல்ட்டைக் கழற்றி, இன்னொன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஜப்பானில் ஓடி இங்கே வந்த பழைய நிசான் லீஃபும் அப்படித்தான். அதன் 24 கிலோவாட் மணிப் பட்டரியில் 48 மொடியூல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 4 செல்கள். இந்தக் கைப்பழக்கத்தோடு புதிய சீன மின்கார்களின் பட்டரியை அணுகுவதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் கிளைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குள் கழற்றுவதற்கு மொடியூல் என்று ஒன்றே கிடையாது.

செல்களை முதலில் மொடியூல் எனப்படும் சிறு பெட்டிகளில் அடைத்து, அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டியில் அடுக்குவது பழைய முறை. நடுவிலுள்ள சிறு பெட்டியை நீக்கிவிட்டுச் செல்களை நேராகப் பெரிய பெட்டியில் அடுக்குவது புதிய முறை. சீனப் பட்டரி நிறுவனமான சீஏடிஎல் இதை 2019இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிவைடி தன் பிளேட் பட்டரியை அறிமுகப்படுத்தியது. பிளேட் செல் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமும் ஓர் அங்குலத்தில் பாதித் தடிப்பும் உள்ள தட்டையான அலுமினியப் பட்டை. அது பட்டரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சட்டம்போல நீண்டு, பெட்டிக்கே பலம் கொடுக்கிறது.

இதனால் கிடைக்கும் இலாபத்தைக் கணக்கிடுவதிலேயே முதல் தவறு நடக்கிறது. விளம்பரத்தில் வரும் 'ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் மணி' என்ற எண் தனிச் செல்லுடையதா, முழுப் பட்டரியுடையதா என்று பலர் கேட்பதில்லை. லீஃபின் செல்லை மட்டும் நிறுத்தால் கிலோவுக்கு சுமார் 157 வாட் மணி வரும். முழுப் பட்டரியின் எடையோ ஏறத்தாழ 294 கிலோ. 24,000 வாட் மணியை அதனால் வகுத்தால் 82தான் மிஞ்சுகிறது. அந்த 294 கிலோவில் 192 செல்களின் பங்கு சுமார் 150 கிலோ. மீதியெல்லாம் தகரமும் சட்டமும் போல்ட்டும் வயரும். பிளேட் பட்டரியின் செல் கிலோவுக்குச் சுமார் 165, முழுப் பட்டரி சுமார் 140. செல்லுக்குச் செல் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு பெட்டிக்குள்தான் இருக்கிறது. மொடியூலை நீக்கியதால் செல் ஒன்றும் கூடுதலாக மின்சாரம் சேமிக்கவில்லை. செல்லைச் சுற்றியிருந்த சுமை குறைந்திருக்கிறது, அவ்வளவே.

இந்த ஒப்பீட்டையும் எல்லை மீறி இழுக்கக் கூடாது. லீஃப் 2010ஆம் ஆண்டு வடிவமைப்பு. மொடியூல் வைத்தே அதைவிட இறுக்கமாக அடுக்கிய பட்டரிகள் பின்னர் வந்தன. 82க்கும் 140க்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் மொடியூலின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. லித்தியம் இரும்பு பொஸ்பேற்று போன்ற மலிவான, எளிதில் தீப்பற்றாத, ஆனால் எடைக்குச் சற்றுக் குறைவாகச் சேமிக்கும் இரசாயனத்தைக்கூடப் போதிய தூரம் ஓடும் காரில் பொருத்த முடிந்ததுதான் உண்மையான ஆதாயம்.

இழப்பு பழுதுபார்ப்பில் தெரியும். லீஃபின் மொடியூல் ஒன்று 7.5 வோல்ட் அளவில்தான் இருக்கும். இணைப்புத் தகட்டின் போல்ட்டுகளை ஒழுங்குப்படி கழற்றினால், பட்டரியை ஆபத்தில்லாத சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். பிவைடி அட்டோ 3இன் 60.48 கிலோவாட் மணிப் பட்டரியில் 126 செல்கள் ஒரே தொடராக இருக்கின்றன. மொத்தம் 403 வோல்ட், அதுவும் நேரோட்டம். பிளேட் பட்டரியில் செல்கள் மேல் தட்டோடும் கீழ்த் தட்டோடும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இணைப்புகள் போல்ட்டில் அல்ல, லேசர் ஒட்டில் நிற்கின்றன. நெம்பி எடுக்க முயன்றால் மெல்லிய அலுமினிய உறை கிழியும். நெம்புகோல் இரண்டு முனைகளைத் தொட்டால் மின்பொறி பறக்கும். தப்பித்தவறி ஒரு செல்லை எடுத்துவிட்டாலும், பக்கத்துச் செல்களை நெருக்கிப் பிடித்திருந்த அழுத்தம் போய்விடும். அதை கராஜில் மீண்டும் உண்டாக்க வழியில்லை.

ஆகவே திறப்பதற்கு முன்னால் செய்யும் பரிசோதனைதான் இங்கே வேலையின் பெரும்பகுதி. ஸ்கேனரில் ஒரு செல் மட்டும் தாழ்ந்து தெரிந்ததும் 'செல் போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்வதைப்போலப் பணத்தை வீணாக்கும் தவறு வேறில்லை. இரும்பு பொஸ்பேற்று செல்லின் வோல்ட் அளவு நடுப்பகுதியில் கிட்டத்தட்ட அசையாது. 30 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் 3.3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பாதிச் சார்ஜில் எடுத்த அளவீடு எதையும் சொல்லாது. முழுதாக ஏற்றும்போது ஒரு தடவையும், நன்றாக இறங்கிய பிறகு ஒரு தடவையும் பார்க்க வேண்டும்.

முழுதாக ஏற்றும்போதும் நன்றாக இறங்கிய பிறகும் ஒரே செல்லின் வோல்ட் அளவே எல்லாவற்றிலும் தாழ்ந்து நின்றால், அது மற்றவற்றைவிடக் குறைவாக ஏற்றப்பட்டிருக்கிறது. மெதுவான வீட்டுச் சார்ஜரில் 100 சதவீதம்வரை சில தடவை ஏற்றி, நிறைந்த பின்னும் சிறிது நேரம் விட்டுவைத்தால், காரின் கட்டுப்பாட்டு அமைப்பே அதைச் சமப்படுத்தக்கூடும். சமப்படுத்திய சில நாட்களிலேயே அது மறுபடி பின்தங்கினால், செல்லுக்குள்ளேயே மின்சாரம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஏற்றும்போது முதலில் நிறைந்து, இறங்கும்போது முதலில் வற்றுகிற செல்லோ கொள்ளளவையே இழந்துவிட்டது. எத்தனை தடவை ஏற்றினாலும் திரும்பாது. இன்னொரு வகை, ஓய்வில் மற்றவற்றோடு சமமாக நின்று, ஆக்ஸிலேட்டரை வேகமாக அழுத்தும்போது மட்டும் சரிவது. அதற்கு உள் தடை கூடியிருக்கலாம், அல்லது இணைப்பில் கோளாறு இருக்கலாம். நம் கரையோர வீதி தட்டையானது, மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஓடினாலும் பட்டரிக்குப் பெரிய சுமை வராது. அம்பாறையிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறும்போதுதான் இந்தக் குறையை முதலில் உணர்வார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மொடியூல் இல்லாத பட்டரியில் எது போனாலும் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி உரிமையாளரைக் கலங்கடிப்பது. ரிலே, பியூஸ், மின்னோட்ட உணரி, கட்டுப்பாட்டு அட்டை, வெளி இணைப்பிகள் ஆகியவை செல்லோடு ஒட்டப்பட்டவை அல்ல. அவற்றைத் தனியாக மாற்றலாம். கார் 'பட்டரிக் கோளாறு' என்று எச்சரித்து ஓட மறுக்கும்போது, காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கவும் இடமுண்டு. அங்கே கை வைப்பதற்கும் உயர் வோல்ட் பயிற்சியும் காப்புக் கையுறையும் அவசியம். சேவை பிளக்கை இழுத்துவிட்டால் மின்சாரம் போய்விடும் என்பது பாதி உண்மை. தொடர் அறுபடும், ஆனால் அறுபட்ட துண்டுகள் தமக்குள் உயிரோடுதான் இருக்கும்.

அடிப்பகுதி பற்றியும் ஒரு வார்த்தை. பிளேட் பட்டரியின் கீழ்த் தட்டுக்கு மேலே உடனே செல்கள்தான். குழியை வாங்கிக்கொள்ள நடுவில் மொடியூல் பெட்டியும் வெற்றிடமும் இல்லை. படுவான்கரைப் பக்கத்துக் கிரவல் வீதியில் அடிபட்ட காரையோ, ஜாக்கைப் பட்டரித் தட்டிலேயே வைத்துத் தூக்கிய காரையோ, வெளியே சிறு நசுங்கல்தானே என்று விட்டுவிடக் கூடாது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, நசுங்கல் இருந்தால், மின்சாரம் காரின் உடலுக்குக் கசிகிறதா என்று காட்டும் காப்புத் தடையை அளக்கச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்னால் விற்பனையாளரிடம், ஒரு செல் போனால் பட்டரியை முழுதாக மாற்றுகிறார்களா, பகுதியாகவா, அடிப்பாகச் சேதத்துக்கு உத்தரவாதமோ காப்புறுதியோ பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் 'எட்டு வருட உத்தரவாதம்' என்று சொல்லப்படுவதில் கல்லில் மோதிய நசுங்கல் பெரும்பாலும் அடங்காது.