அரக்கு இருண்டது, மயில்கழுத்து நின்றது

கிளாஸ்கோவில் எனது முதல் டிசம்பரில், மாலை 3.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட, ஊரைப் போலவே நானும் கறுப்புக் கோட்டு அணிந்து, கண்ணாடியில் என்னைப் பார்க்கவே சலித்துப்போனேன். உள்ளே அணிந்த அனைத்தையும் கோட்டு மறைத்துவிடுவதால் நிறத்திற்கு மிஞ்சும் இடம் கழுத்துதான் என்று எண்ணி, அரக்கு நிறக் கம்பளி மஃப்ளர் ஒன்று வாங்கினேன். கடை விளக்கில் ஜொலித்த அது, அந்தி நேரப் பேருந்து நிறுத்தத்தில் கறுப்பாகவே தெரிந்தது. ஒளி மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுவிடும். நீலமும் பச்சையும் அதைவிடப் பளிச்சென்று நிற்கும். இதைப் புர்கின்யே விளைவு என்பார்கள். ஆகவே, அடுத்த மஃப்ளரைக் கடை வாசலுக்கே எடுத்துச் சென்று, மங்கிய வானொளியில் பார்த்து, மயில்கழுத்து நிறத்தில் வாங்கினேன். அரக்கையும் விட மனமில்லை. வீட்டில் மஞ்சள் விளக்கின் கீழ் அதைச் சுற்றிக்கொள்கிறேன்.