18,000 பேர் பார்த்தும் வெல்லம் விற்கவில்லை: ரீச், வியூஸ், என்கேஜ்மென்ட் ரேட் படிக்கும் முறை

மறையூரில் வெல்லம் காய்ச்சி விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் அழைத்தார். "தம்பி, கொப்பரை கொதிக்கிற ரீலை 18,000 பேர் பாத்திருக்காங்க. அதுல இருந்து ஒரு ஆர்டர்கூட வரலையே?" அவர் இன்ஸ்டாகிராம் பக்கத்தை 2,000 பேர் பின்தொடர்கிறார்கள். அவருடைய இரண்டு பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டோம். நீங்களும் இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

பதிவு போட்டு ஒரு வாரம் ஆகட்டும். பிறகு அதன் கீழே View insights என்பதைத் தொடுங்கள். ரீச் என்றால் எத்தனை கணக்குகள் பார்த்தன என்பது. இம்ப்ரெஷன் என்றால் எத்தனை முறை திரையில் வந்தது என்பது. ஒருவரே மூன்று முறை பார்த்தால் ரீச் 1, இம்ப்ரெஷன் 3. இன்ஸ்டாகிராம் இப்போது இம்ப்ரெஷனுக்குப் பதிலாக வியூஸ் காட்டுகிறது. அதிலும் ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்ப்பது சேரும் என்பதால் அதை ஆள் கணக்காக எடுக்காதீர்கள்.

அடுத்து லைக், கமென்ட், ஷேர், சேவ் நான்கையும் கூட்டுங்கள். அக்காவின் ரீலுக்கு 980 வந்தது, ரீச் 18,000. ஒரு கிலோ விலையும் உடுமலை, பொள்ளாச்சிக்கு அனுப்பும் செலவும் எழுதிய சாதாரணப் படத்துக்கு 82தான். அதன் ரீச் 620.

இனி அந்தக் கூட்டுத்தொகையை வகுத்து என்கேஜ்மென்ட் ரேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏமாறுவது இங்கேதான். பின்தொடர்பவர்களால் வகுத்தால் ரீலுக்கு 49 சதவீதம், படத்துக்கு 4.1. ரீல் ஜெயித்துவிட்டது! ஆனால் ரீலைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் பின்தொடராதவர்கள். அவர்களுடைய லைக்கை மேலே வைத்து, அவர்களைச் சேர்க்காத 2,000-ஆல் வகுப்பது தப்பு. ரீச்சால் வகுங்கள்:

```
ரேட் = (லைக் + கமென்ட் + ஷேர் + சேவ்) ÷ ரீச் × 100
ரீல் = 980 ÷ 18000 × 100 = 5.4
படம் = 82 ÷ 620 × 100 = 13.2
```

முடிவு தலைகீழாகிவிட்டது. யாராவது "என் ரேட் இவ்வளவு" என்று சொன்னால், எதால் வகுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

லைக்கை விட்டுவிட்டு சேவ், ஷேர் மட்டும் பாருங்கள். 18,000 பேரில் 40 பேர்தான் ரீலைச் சேமித்தோ பகிர்ந்தோ இருந்தார்கள். படத்துக்கு 620 பேரில் 35. கொதிக்கும் பாகு பார்க்க அழகு, அதனால் லைக் விழுகிறது. வாங்க நினைப்பவர் விலையைத்தான் சேமித்து வைப்பார்.

ஒரு எச்சரிக்கை. ரீச் 40 மட்டுமே இருந்து, சொந்தக்காரர் ஐந்து பேர் லைக் போட்டாலே ரேட் 12.5 ஆகிவிடும். ஒரே பதிவை வைத்து முடிவெடுக்காமல், ஒரே வகையான ஐந்தாறு பதிவுகளை ஒப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வருபவர் எந்தப் பதிவைப் பார்த்து வந்தார் என்பதை இன்சைட்ஸ் சொல்லாது. அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதியிருந்தார். ரீலைப் பார்த்துக் கேட்டவர்கள் இரண்டு பேர், இருவரும் வாங்கவில்லை. படத்தைப் பார்த்து வந்த ஆர்டர் ஒன்பது. இப்போது அந்த ரீலின் முதல் கமென்ட்டாக விலையைப் போட்டு, அது மேலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்.