“சும்மாதாங்க இருக்கு” என்று எழுதிவிடாதீர்கள்: கணக்கெடுப்புப் படிவத்தில் தவிர்க்க வேண்டியவை

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அதற்காகப் பழகிக்கொள்ளட்டும் என்று எங்கள் பக்கத்து இளம் ஆசிரியர்கள் சிலரிடம் 2011 படிவத்தைக் கொடுத்து அவரவர் வீட்டுக்கே நிரப்பச் சொன்னேன். அந்தக் காலத்தில் மேற்பார்வையாளராக நான் திருத்தித் திருத்திச் சலித்த அதே தவறுகள் அப்படியே திரும்பி வந்தன. பெயரில் எழுத்துப்பிழை, கட்டத்தை விட்டு வெளியே போன பேனா, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வீடு வீடாகப் போகிறவர்களுக்கும், தாங்களே நிரப்பப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதுவது

வேண்டாம். ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்கிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனி அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம், இரண்டு படிவம். துபாயில் வேலை பார்க்கும் மகன் கார்டில் இருப்பார், படிவத்தில் வரமாட்டார். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணை விடுதியில் எண்ணுவார்கள்; வீட்டிலும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுவார்.

உறவு: பதில் சொல்கிறவருக்கு என்ன வேண்டும் என்பதல்ல

முதல் வரிசையில் குடும்பத் தலைவர். மற்ற எல்லாருக்கும் அவரோடுள்ள உறவையே எழுத வேண்டும். ஆனால் பகலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் மருமகள். “இது யாரும்மா?” என்றால் “என் பையன்” என்பார். மாமனார் தலைவராக இருக்கும் வீட்டில் அவன் மகன் அல்ல, மகனின் மகன். எங்கள் பகுதியில் வந்த ஒரு படிவத்தில் எழுபது வயதுத் தலைவருக்கு ஆறு வயதில் ஒரு மகனும் நான்கு வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். மனைவிக்கு வயது அறுபத்தாறு. இப்படி எழுதினால் மேலே இருக்கிறவர் பார்த்ததும் பிடித்துவிடுவார். பிடிபடும் தவறு என்பதால் எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை.

‘மாமா’, ‘மருமகன்’ என்று மட்டும் எழுதுவதுதான் பிடிபடாது. அக்கா மகனும் மருமகன்தான், மகளைக் கட்டியவரும் மருமகன்தான். “யாருக்கு யார்?” என்று இன்னொரு கேள்வி கேட்டு ‘சகோதரியின் மகன்’, ‘மகளின் கணவர்’ என்று முழுதாக எழுதுங்கள். தத்துப் பிள்ளை என்றால் மகன் அல்லது மகள், அவ்வளவுதான்.

வயது

முடிந்த வயது. “38 நடக்குது” என்றால் 37.

படிப்பு

கடைசியாகத் தேறிய வகுப்பு எதுவோ அது. பத்தாவது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒன்பது. “எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்” என்று ஒரு படிப்பு கிடையாது, அதுவும் ஒன்பதுதான். டிப்ளமோ, பட்டம் என்றால் எந்தப் பாடம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எழுத்தறிவு இதிலிருந்து தனி. ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் இரண்டும் தெரிய வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பாட்டி எழுத்தறிவு பெற்றவர் ஆகமாட்டார். பள்ளிக்கே போகாமல் வீட்டில் கற்றுக்கொண்டு தினத்தாள் படிக்கிற, கடிதம் எழுதுகிற தாத்தா ஆவார். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள், பள்ளிக்குப் போனாலும், எழுத்தறிவற்றவர் கணக்கில்தான் வருவார்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், விதி அதுதான்.

வேலை செய்யும் பெண்ணை ‘வீட்டு வேலை’ என்று எழுதுவது

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒரு வீட்டை அப்படியே சொல்கிறேன். விசைத்தறியில் கூலிக்கு ஓட்டும் கணவர், ஒன்றரை ஏக்கர் நிலம், கறவை மாடு இரண்டு. கணக்கெடுப்பாளர் கணவரிடம், “உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்கிறார். “அது ஊட்டுல சும்மாதாங்க இருக்குது” என்று பதில் வருகிறது. அவர் சொல்லி வாய் மூடும் முன் அந்த அம்மா சொசைட்டிக்குக் கொண்டுபோகப் பால்கேனை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து வாசலுக்குப் போகிறார். கணக்கெடுப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 15-ஆம் கேள்வியில் ‘வேலை செய்யாதவர்’, 20-ஆம் கேள்வியில் ‘வீட்டுக் கடமைகள்’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

படிவத்தில் ‘வேலை’ என்பதற்குச் சம்பளம் வர வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. சொந்தக் காட்டில், குடும்பக் கடையில் கூலியில்லாமல் கைகொடுப்பதும் வேலை. வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றாலும்கூடப் பயிர் செய்வதும் பால் உற்பத்தி செய்வதும் வேலைதான். இந்த அம்மாவோ பாலை விற்கிறார்!

திரும்பப் போய்க் கேட்டோம், இந்த முறை அவரிடமே. காலையும் மாலையும் பால் கறப்பது, புல் அறுப்பது, சாணி அள்ளுவது எல்லாம் அவர்தான், வருடம் முழுக்க. கடலைக்காட்டில் களையெடுக்க, அறுக்க எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை வேலையாளர். அதற்குக் குறைந்தால் குறு வேலையாளர். இவர் முதன்மை. இரண்டு வேலையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது மாடுதான். ஆகவே சாகுபடியாளர் அல்ல, ‘இதர வேலையாளர்’. தொழில்: கறவை மாடு வளர்த்துப் பால் விற்பது. துறை: பால் உற்பத்தி. வகை: ஆள் வைக்காமல் தானே செய்பவர். இதுவே காட்டுவேலைக்கு அதிக நேரம் போயிருந்தால் சாகுபடியாளர் ஆகியிருப்பார்.

முதல் முறை போட்ட ஒரே தவறான குறியால் 16 முதல் 19 வரை நான்கு கேள்விகளும் வெற்றாகப் போயிருந்தன. எழுபது வயதுக்காரரின் ஆறு வயது மகனைப் போல இது பிடிபடாது. ‘வேலை செய்யாதவர், வீட்டுக் கடமைகள்’ என்ற பதிவு உள்ளுக்குள் முரணே இல்லாமல் அழகாகப் பொருந்தும். எந்தச் சரிபார்ப்பிலும் தப்பிவிடும். வாசலில் விட்டால் விட்டதுதான்.

அதனால் “என்ன வேலை?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். “மாடு இருக்கா? யார் கறக்கிறது? களையெடுக்கப் போறீங்களா? பீடி சுத்துறீங்களா? வருஷத்துல எத்தனை மாசம்?” என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பெண்ணையே கேளுங்கள். “சும்மா உட்கார்ந்து பீடி சுத்துவா” என்று மாமியார் சொன்னால் அதில் ‘சும்மா’வை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதுங்கள்.

வேலை என்று சொன்னால் உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15-ஆம் பிரிவுப்படி தனிநபர் பதிவை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது. இதைக் கேள்வி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பாதி மழுப்பல் குறையும்.

தொழிலை ஒரே சொல்லில் முடிப்பது

‘பிசினஸ்’, ‘கூலி’, ‘அரசு ஊழியர்’, ‘கம்பெனி வேலை’: இவற்றை வைத்து யாராலும் தொழிலை வகைப்படுத்த முடியாது. ‘பனியன் கம்பெனியில் தையல் இயந்திரம் ஓட்டுபவர்’, ‘அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்’ என்று எழுதுங்கள். ஆள் செய்வது தொழில், அந்த நிறுவனம் செய்வது துறை. பனியன் கம்பெனி ஓட்டுநருக்குத் தொழில் வண்டி ஓட்டுவது, துறை பின்னலாடை உற்பத்தி.

விவசாயத்தில் ஒரு நுணுக்கம். சொந்த நிலமோ குத்தகை நிலமோ, அதில் பாடுபடுகிறவர் சாகுபடியாளர். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர் விவசாயத் தொழிலாளர். ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை தோட்டப் பயிர்கள். தென்னந்தோப்பு மட்டுமே வைத்திருக்கும் பொள்ளாச்சிக்காரர் “நான் விவசாயி” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாலும் படிவத்தில் அவர் இதர வேலையாளர்தான். அவரிடம் அங்கேயே வாதம் செய்ய வேண்டாம், தலையாட்டிவிட்டுச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.