இதயச் சுழற்சி: 10 மார்க் கட்டுரை கைக்கு வந்தது

கோவையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. இதயச் சுழற்சிக் கட்டுரைக்கு 10-க்கு 5-ஐத் தாண்டவில்லை. பக்கங்களைக் கூட்டினேன், கலர் பென்சிலில் வரைந்தேன், பலனில்லை. விடைத்தாளைப் பார்த்த சீனியர் அக்கா சொன்னது: "படத்த மொதல்ல போடு கண்ணு, அதப் பாத்து எழுது."

அப்படியே செய்தேன். ஒரு இதயத்துடிப்புக்கான 0.8 விநாடி நேர அச்சு போட்டு, மேலே பெருந்தமனி, இடது வென்ட்ரிக்கிள், ஏட்ரிய அழுத்தங்கள். கீழே வென்ட்ரிக்கிள் கொள்ளளவு, ஈசிஜி, இதய ஒலிகள். மைட்ரல், பெருந்தமனி வால்வுகள் மூடும், திறக்கும் நான்கு நேரங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோடு. கோடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி. எந்த வால்வு, எந்த அழுத்தம், எந்த ஒலி என்ற வரிசையில்.

பலர் கோட்டைவிடுவது ஐசோவால்யூமெட்ரிக் சுருக்கத்தில். அப்போது இரண்டு வால்வும் மூடியிருப்பதால் கொள்ளளவுக் கோடு மட்டமாகவே ஓட வேண்டும். ஈசிஜியின் க்யூஆர்எஸ் அலை, வென்ட்ரிக்கிள் அழுத்தம் ஏறுவதற்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும். அடுத்த தேர்வில் 8.