தட்டுவடை மேல செவந்து உள்ள சவசவன்னு இருக்கா? எண்ணெ சூட்டுலயும் ஈடு எடுக்கறதுலயும் நடக்கற தப்புங்க

சேலத்துல தட்டுவடைன்னு சொன்னா பாதி பேருக்கு செட்டு தாங்க ஞாபகம் வரும், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னி தடவி, துருவுன கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் வெச்சு குடுப்பாங்களே அது. மத்த ஊர்ல தட்டைன்னு சொல்றாங்க, சாமான் ஒன்னு தான். ஆனா செட்டுக்கு போடற தட்டுவடைக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, சட்னி பட்டு, பீட்ரூட் தண்ணி விட்டு, அதுக்கப்புறமும் கடிச்சா கருக்குன்னு நொறுங்கணும். உள்ள துளி ஈரம் தங்கி இருந்தாலும் சட்னி தடவுன உடனே தொளதொளன்னு ஆயிரும். வீட்டுல சுட்டு செட்டு போட்டு பாத்தவங்க நிறைய பேர் கேக்கறது இதே தான், "சுட்டப்ப நல்லா தான் இருந்துச்சு, சாயந்தரம் ரப்பர் மாதிரி ஆயிருச்சு"ன்னு. மாவு அளவுல தப்பு தேடறாங்க, ஆனா பெரும்பாலும் தப்பு வடச்சட்டில தான் நடக்குது.

முதல் தப்பு, நிறத்தை மட்டும் பாத்து எடுக்கறது. தட்டுவடை மாவுல மிளகாய்த்தூள் இருக்கு, அது தானே செவப்பா காட்டும். பொட்டுக்கடலை மாவு சேத்திருக்கோம், அதுவும் சீக்கிரம் செவக்கும். பிசைஞ்சு ரொம்ப நேரம் வெச்ச மாவு இன்னும் சீக்கிரம் செவக்கும், கடைசி ஈடு மட்டும் ஏன் இப்படி கருஞ்செவப்பா வருதுன்னு கேப்பாங்களே, அதுக்கு பாதி காரணம் இது தான். அதனால ஒரே தீயில சுட்டாலும் முதல் ஈட்டுல வர நிறமும் கடைசி ஈட்டுல வர நிறமும் ஒன்னா இருக்காது, நிறத்தை நம்பி எடுத்தா ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு பதத்துல வரும்.

பாக்க வேண்டியது குமிழிங்க. தட்டுவடைய எண்ணெயில போட்ட உடனே சுத்தி சலசலன்னு குமிழி வருதுல்ல, அது எண்ணெ கொதிக்கறது இல்ல, மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி வெளிய வர்றது. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் குமிழி வந்துட்டே தான் இருக்கும். முதல்ல பெருசு பெருசா, வேகமா, சத்தமா வரும். ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷத்துல சத்தம் இறங்கும். அப்புறம் ஓரத்துல நின்னு போய் நடுவுல மட்டும் பொடிப்பொடியா வந்துட்டு இருக்கும், இங்க தான் எல்லாரும் அவசரப்பட்டு எடுத்துடறாங்க. ஓரம் வெந்து காஞ்சிருச்சு, நடு இன்னும் காயலைன்னு தான் அதுக்கு அர்த்தம். அந்த நடுக் குமிழியும் அடங்கி, அங்க ஒன்னு இங்க ஒன்னுன்னு எப்பவாச்சும் வர்ற நிலைமைக்கு வந்தா தான் எடுக்கணும். மெலிசா தட்டுனதுக்கு மொத்தமா மூனு நாலு நிமிஷம் ஆகும், ஆனா கடிகாரத்தை விட குமிழி தான் சரியா சொல்லும்.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். பழைய எண்ணெயில சுட்டா இந்த அடையாளம் ஏமாத்திரும். நாலு தடவை காஞ்ச எண்ணெயில வெள்ளையா நுரை கட்டி மேல ஒட்டிக்கிட்டே நிக்கும், அடங்கவே அடங்காது. ஆவிக் குமிழி பெருசா வந்து பட்டு பட்டுன்னு உடையும், பழைய எண்ணெ நுரை பொடியா சேந்து உடையாம நிக்கும், பாத்தா வித்தியாசம் தெரியும். அப்படி நுரை நின்னா அந்த எண்ணெய தூக்கி ஓரமா வெச்சிருங்க. புது எண்ணெயிலயே நுரை பொங்கி தட்டுவடை ஓரம் கரைஞ்சு பொடி பொடியா எண்ணெயில மிதந்தா, அது மாவுல வெண்ணெயோ சூடான எண்ணெயோ ஜாஸ்தி ஆயிருச்சுன்னு அர்த்தம், மிச்ச மாவுல கொஞ்சம் அரிசி மாவு சேத்து பிசைஞ்சுக்கலாம்.

இன்னும் ரெண்டு அடையாளம் இருக்கு. ஒன்னு, கடலைப்பருப்பு. ஊறவெச்சு போட்ட பருப்பு மாவை விட ஈரம் அதிகமா பிடிச்சிருக்கும், அதனால அது கடைசியா தான் காயும். தட்டுவடைய திருப்பி பாக்கறப்ப பருப்பு இன்னும் வெளுப்பா, உப்பலா இருந்தா பொறுங்க, பொன்னிறமாகி லேசா சுருங்குன மாதிரி ஆனா சரி. இன்னொன்னு, ஜல்லிக்கரண்டில எடுத்து லேசா குலுக்குனா கலகலன்னு காஞ்ச ஓடு சத்தம் கேக்கும். வேகாதது சத்தம் போடாது, கனமா உக்காந்திருக்கும்.

சந்தேகம்னா முதல் ஈட்டுல ஒன்னை எடுத்து ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு நடுவுல உடைங்க. சூட்டோட உடைச்சு பாக்காதீங்க, நல்லா வெந்தது கூட சூட்டுல கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், ஆறுனா தான் இறுகும். உடைஞ்ச இடத்துல ஓரத்துல இருந்து நடு வரைக்கும் ஒரே நிறமா, ஒரே மாதிரி பொறபொறன்னு இருக்கணும். நடுவுல வெள்ளையா மெலிசா ஒரு கோடு தெரிஞ்சா, விரல்ல அமுக்குனா பிசுபிசுன்னு இருந்தா, அது தான் சாயந்தரம் மொத்த தட்டுவடையையும் நமுக்க வைக்க போற ஈரம். அது மெதுவா வெளிப்பக்கம் பரவி மொறுமொறுப்பை கெடுத்திரும், காலைல நல்லா இருந்தது சாயந்தரம் ரப்பராகறது இப்படித் தான்.

இப்ப சூடு. எண்ணெ காஞ்சிருச்சான்னு பாக்க மிளகு அளவு மாவை கிள்ளி போடுங்க. அடில போய், உடனே குமிழி விட்டுக்கிட்டு நிதானமா மேல வந்தா சரியான சூடு. போட்ட உடனே மேல பாஞ்சு நாலஞ்சு செகண்ட்ல செவந்துட்டா சூடு ஜாஸ்தி. அடியிலயே உக்காந்து ரெண்டு மூனு குமிழி மட்டும் விட்டா இன்னும் காயலை. தெர்மாமீட்டர் வெச்சிருக்கறவங்க 170 டிகிரி கிட்ட இருக்கறப்ப போடலாம், போட்டதும் இறங்கும், சுட்டு முடிக்கற வரைக்கும் 150க்கு கீழ போகாம பாத்துக்கணும். சூடு ஜாஸ்தியானா மேல்பக்கம் சட்டுன்னு இறுகிரும், உள்ள இருக்கற ஆவி வெளிய வர வழியில்லாம பூரி மாதிரி உப்பிரும், செவந்த உப்பல் தட்டுவடை கண்ணுக்கு அழகா இருக்கும், உள்ள ஈரம் அப்படியே இருக்கும். தட்டுனதும் ஃபோர்க்கால நாலஞ்சு இடத்துல குத்திட்டு போடறது இதுக்காக தான். சூடு கம்மியானா மேல்பக்கம் இறுக ரொம்ப நேரம் ஆகும், அதுக்குள்ள எண்ணெ குடிச்சு கனத்து போயிரும்.

ஈடு ஈடா சுடறப்ப என்ன ஆகுதுன்னு ஒரு கணக்கு சொல்றேன். 4 டம்ளர் அரிசி மாவு, அரை டம்ளர் பொட்டுக்கடலை மாவு, ரெண்டு ஸ்பூன் வறுத்த உளுந்து மாவு, ரெண்டு ஸ்பூன் வெண்ணெ, ஒரு மணி நேரம் ஊறுன கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி, வடச்சட்டில 1 லிட்டர் எண்ணெ, ஒரு ஈட்டுக்கு 6 தட்டுவடை. முதல் ஈடு நல்லா வந்துச்சு. எடுத்த கையோட ரெண்டாவது ஈடு போட்டோம், இந்த தடவை கை பழகிருச்சுன்னு 9 போட்டோம். பச்சை மாவு 9 ஒரேடியா விழுந்ததும் எண்ணெ சூடு சடார்னு இறங்கிருச்சு, குமிழி சோம்பலா வருது, அஞ்சு நிமிஷம் ஆகியும் வெளுப்பா இருக்கு. எடுத்து பேப்பர்ல வெச்சா எண்ணெ வட்டமா பரவுது. அய்யய்யோன்னு தீய முழுசா ஏத்தி மூனாவது ஈடு போட்டோம், ஒன்றரை நிமிஷத்துல செவந்துருச்சு, எடுத்தாச்சு, உடைச்சா நடுவுல வெள்ளைக் கோடு. மாவு ஒன்னு, கை ஒன்னு, மூனு ஈடும் மூனு விதம்.

இதை சரி பண்றது ரொம்ப ஈஸி. எத்தனை தட்டுவடை போட ஆரம்பிச்சீங்களோ கடைசி ஈடு வரைக்கும் அதே எண்ணிக்கை போடுங்க, எண்ணெயோட மேல்பரப்புல பாதிக்கு கொஞ்சம் மேல மூடற அளவு போதும். ஒரு ஈடு எடுத்ததும் தீய கொஞ்சம் ஏத்தி, அரிப்புல அடில தங்குன தூளை எல்லாம் அள்ளி எடுத்துட்டு (அது கருகி அடுத்த ஈட்டுல ஒட்டும், எண்ணெயும் சீக்கிரம் கெடும்), மறுபடி கிள்ளி போட்டு பாத்துட்டு, அடுத்த ஈடு போட்டு, மீடியம் தீக்கு இறக்கிருங்க. போட்டதும் கரண்டி வெச்சு கிளறாதீங்க, அரை நிமிஷம் விட்டு மேல்பக்கம் கொஞ்சம் இறுகுனதும் திருப்புங்க. எண்ணெ குறைஞ்சா ஈடு வேகறப்ப ஊத்தக்கூடாது, ரெண்டு ஈட்டுக்கு நடுவுல ஊத்தி நல்லா காயவிட்டு தான் போடணும்.

மாவையும் மொத்தமா பிசைய வேண்டாம். பொடி எல்லாம் கலந்து வெச்சுக்கிட்டு மூனு ஈட்டுக்கு ஆகற அளவு மட்டும் தண்ணி விட்டு பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி வெச்சுக்குங்க. தட்டறப்ப நடு மொத்தமா ஓரம் மெலிசா வர்றது தான் எல்லாருக்கும் நடக்கறது, அம்மாபேட்டைல செட்டுக்குன்னே சுடற ஒரு அக்கா டம்ளர் அடியில அமுக்கிட்டு அப்புறம் நடுவுல விரலால இன்னொரு தடவை தேய்ச்சு விடுவாங்க. அவங்க சொல்ற அளவு, கடலைப்பருப்போட கனத்துக்கு மேல மாவு இருக்கக்கூடாது, பருப்பு மேல துருத்திக்கிட்டு தெரியணும்.

முறுக்குக்கும் இதே குமிழி கணக்கு தான், ஆனா முறுக்கு வெடிக்கறது வேற விஷயம், மாவை சலிக்காம கட்டி இருந்தாலோ, நாழியில மாவு அடைக்கறப்ப நடுவுல காத்து தங்கினாலோ எண்ணெயில பட்டுன்னு வெடிச்சு தெறிக்கும். சலிச்சு, நாழியில அமுக்கி அடைச்சு புழிஞ்சா அந்த பயம் பெருசா இருக்காது.

ஏற்காட்டுல வீட்டுல சுடறவங்களுக்கு தனியா ஒன்னு. அங்க உயரம் கிட்டத்தட்ட 1500 மீட்டர், தண்ணி 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். மாவுக்குள்ள தண்ணி இருக்கற வரைக்கும் உள்சூடு பெருசா அதுக்கு மேல ஏறாது, அதனால உள்ள வேக கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், கீழ சேலத்துல சுடற அதே தீயில சுட்டா மேல மட்டும் செவந்துரும். தீய ஒரு புள்ளி இறக்கி கொஞ்சம் நேரம் கூட விடுங்க. பனிமூட்டம் இறங்கற நாள்ல சுட்டதை தட்டுல பரப்பி வெச்சுட்டு மறந்துராதீங்க, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். அதுக்காக சூட்டோட டப்பால போட்டு மூடுனாலும் அதோட ஆவியே அதை நமுத்து போக வெச்சிரும். வடிதட்டுல ஒன்னு மேல ஒன்னு அடுக்காம சாய்ச்சு நிறுத்தி வெச்சு, கைல தொட்டா சூடு சுத்தமா இல்லைன்னு தெரிஞ்ச உடனே டப்பாக்கு மாத்திருங்க.

ஏற்கனவே சுட்டு நடு மெத்துன்னு ஆயிருச்சுன்னா தூக்கி போட வேண்டாம். எண்ணெய மீடியம் சூட்டுல காயவெச்சு, தீய சின்னதா வெச்சு மறுபடி போடுங்க, மிச்ச ஈரம் பொடிக் குமிழியா வரும், அது நின்னதும் எடுத்திருங்க, ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகும். ஏற்கனவே நல்லா செவந்ததா இருந்தா எண்ணெ வேண்டாம், கருகிரும், ஓவன் இருந்தா 150 டிகிரில பத்து நிமிஷம் வெச்சு ஆறவிட்டு ஒன்னை உடைச்சு பாருங்க.